35 வயது வரம்பும் 18 வருட அனுபவமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் மென்பொருள் பரிசோதகர் தேவை என்ற விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். கேட்டிருந்த தகுதிகள் எல்லாம் என்னிடம் இருந்தன. கடைசி வரி மட்டும் “வயது 35 இற்குக் கீழ்” என்றது. எனக்கு 44 வயது.

இரத்மலானைப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 18 வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தேன். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். என்ன படிக்கலாம் என்று கேட்டதற்குப் பலரும் பீ.எம்.பீ. என்ற திட்ட முகாமைச் சான்றிதழைச் செய்யச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவம் வேண்டும். நான் சட்டைகளைப் பரிசோதித்தவள், திட்டம் நடத்தியவள் இல்லை. போதாததற்கு அந்தச் சான்றிதழை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

அதனால் மென்பொருள் பரிசோதனைக்கான ஐ.எஸ்.டீ.கியூ.பீ. அடிப்படைச் சான்றிதழைத் தெரிவு செய்தேன். அதற்கு முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் சித்தி. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் 15 நிமிடம் தருவார்கள். பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும். எடுத்த சான்றிதழ் காலாவதியாவதும் இல்லை.

சித்தியடைந்த கையோடு பெரிய பிழை ஒன்று விட்டேன். சீ.வீ.யின் தலையில் புதிய சான்றிதழைப் போட்டு, 18 வருடத்தை “ஆடைத்துறை அனுபவம்” என்று கடைசியில் ஒரே வரியாகச் சுருக்கினேன். பழைய வேலை தெரிந்தால் வயதும் தெரிந்துவிடும் என்ற பயம்தான். ஆனால் பார்த்தவர்களுக்கு நேற்றுப் படித்து முடித்த பிள்ளையின் சீ.வீ. மாதிரித்தான் அது தெரிந்திருக்கும், வயது மட்டும் கூட. 4 மாதம் ஓர் அழைப்பும் வரவில்லை.

பிறகு தொழிற்சாலை மேசையையே சீ.வீ.க்குள் கொண்டுவந்தேன். ஏற்றுமதிக்குப் போகும் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. எத்தனை பார்க்க வேண்டும், எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.கியூ.எல். அட்டவணைப்படி மாதிரி எடுப்போம். வழக்கமான பரிசோதனை நிலையில் ஒரு தொகுதியில் 1,200 சட்டைகள் இருந்தால் 80 பார்க்க வேண்டும். 1,201 ஆனால் 125 பார்க்க வேண்டும். ஒரு சட்டை கூடினதும் 45 சட்டைகள் கூடுதலாக மேசைக்கு வரும். அவசரத்தில் பிழை விடுவதும் அந்த எல்லையில்தான், அதனால் நாங்கள் முதலில் அங்கேதான் கண் வைப்போம். மென்பொருள் பரிசோதனையில் இதற்கு எல்லை மதிப்புப் பகுப்பாய்வு என்று பெயர். திரையில் எண் நிரப்பும் ஒரு பெட்டி 1,200 வரை ஏற்கும் என்றால், 1,200 ஐயும் 1,201 ஐயும் போட்டுப் பார்க்க வேண்டும். பாடத்தில் இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் இல்லை, பெயர் மட்டும்தான் புதிது.

இந்த இரண்டையும் சீ.வீ.யில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஊசி முனை உடைந்து துணிக்குள் இருந்தால் அது ஆபத்தான குறை, ஒன்று கிடைத்தாலும் தொகுதி நிற்கும். நூல் நீண்டிருந்தால் சிறு குறை. மென்பொருள் குறைகளின் தீவிரத்தையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். பொதுவில் எவரும் பயன்படுத்தும் ஓர் இணையத்தளத்தைப் பரிசோதித்து, நான் எழுதிய 3 குறை அறிக்கைகளையும் இணைத்தேன். என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. சான்றிதழ் பாடம் தெரியும் என்றுதான் சொல்லும். வேலை தெரியும் என்று காட்டியது அந்த 3 அறிக்கைகளும்தான்.

அப்புறம்தான் அழைப்பு வந்தது. முதல் நேர்முகத்தில் என்னை விட 15 வயது குறைந்தவர், “அக்கா, உங்களுக்கு மேல சின்னப் பொடியன் ஒருத்தர் இருந்தா உங்களுக்குச் சரி வருமா?” என்று கேட்டார். தொழிற்சாலையில் என் கடைசி மேலாளருக்கு 31 வயது, அவருக்குக் கீழே 5 வருடம் இருந்தேன் என்றேன். அந்த இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்தில் 1,200, 1,201 கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். இப்போது அங்கே ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறேன். சம்பளம் முந்தியதை விடக் குறைவு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வயது வரி போட்ட விளம்பரத்துக்கு எந்தச் சீ.வீ.யும் போய்ச் சேராது. நமது அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களாக இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது. வயதைச் சொல்லவில்லை. அதே நாட்டில்தான் 2021 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் 16 வருட வேலை இருக்கிறது. 35 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள்?

விளம்பரம் தருகிறவர்களிடம், அந்த வரி வேலைக்கு உண்மையில் தேவையா என்று உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமே. அவ்வளவைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06