மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம்

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்தை வரையும் நகரமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் பழைய மகாபலிபுரம் சாலையில் வந்து நிற்கும் மாநகரப் பஸ்ஸின் கூரை தெரியும். நேர்கோட்டில் 280 மீட்டர்தான். நடுவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில். நான் ஓய்வுபெற்ற நில அளவர். சங்கிலி பிடித்த கை சும்மா இருக்காது. ஒரு நாள் காலையில் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலிலிருந்து மதிலை ஒட்டித் தெற்கே 410 மீட்டர், சந்து முனையில் திரும்பிக் கிழக்கே 280, பிறகு பெரிய சாலையோரமாக மறுபடியும் வடக்கே 390. ஆக 1,080 மீட்டர். வடக்குப் பக்கமாகப் போகலாம் என்றால் அங்கே ஏரி.

இதை எழுதக் காரணம், உங்கள் துறையில் வரைபடத்தில் வட்டம் போடும் பழக்கம். பொதுப் போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சிக்கான 2017-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரை உள்ள பகுதியைத் தாக்கப் பகுதி என்கிறது. நடக்கும் தூரம்தான் அதன் அடிப்படை. நல்ல எண்ணம்தான். ஆனால் காம்பஸை ஊன்றிச் சுழற்றினால் என் வீடு அந்த வட்டத்துக்குள் சௌகரியமாக உட்கார்ந்துவிடுகிறது. காகத்துக்கு அது சரி. என் மனைவிக்கு மூட்டு வலி. அவளுக்கு அந்த நிறுத்தம் இல்லாததற்குச் சமம்.

வட்டத்துக்கும் நடைக்கும் உள்ள இடைவெளியை அளப்பது கடினமில்லை. சாதாரண நடைக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று கொள்வது வழக்கம். ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர். அந்த ஆரத்தில் போட்ட வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர். இனி நிறுத்தத்திலிருந்து ஒவ்வொரு தெருவாக 400 மீட்டர் நடந்து, நடை முடிகிற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் கிடைப்பதுதான் உண்மையான ஐந்து நிமிடப் பகுதி. குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமான தெருக்கள் உள்ள ஊரில்கூட அது வட்டமாக வராது, சாய்சதுரமாகத்தான் வரும். பரப்பு 32 ஹெக்டேர், அதாவது வட்டத்தில் 64 சதவீதம். ஆகவே 60 சதவீதத்தை ஒட்டி வந்தால் அந்த இடம் நடப்பதற்கு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் நிறுத்தத்துக்கு இதைச் செய்து பார்த்தேன். 14 ஹெக்டேர் வந்தது. 28 சதவீதம். பெரிய சாலையைக் கடக்கக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவுதான். இரண்டு நிமிடம் காத்திருந்தால் 160 மீட்டர் போய்விடும். அதையும் சேர்த்தால் இன்னும் சுருங்கும்.

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் தூரமே அல்ல, கட்டத்தின் அளவு. நான்கு பக்கமும் பொதுத்தெரு சூழ்ந்த நிலத்துண்டை நீங்கள் பிளாக் என்பீர்கள். நான் கட்டம் என்கிறேன். 400 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டத்தின் ஒரு பக்கத்து நடுவில் என் வீடு, எதிர்ப்பக்கத்து நடுவில் மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் 400 மீட்டர். சுற்றிப் போனால் 200, 400, 200 என்று 800 மீட்டர். 100 மீட்டர் கட்டத்தில் இதே கணக்கைப் போட்டால் 100-க்குப் பதில் 200. சுற்று எப்போதும் ஒரு பக்கத்தின் நீளம்தான். கட்டம் சின்னதாக இருந்தால் சுற்றும் சின்னது. தெருமுனைகளும் அப்படித்தான்: ஒரு சதுரக் கிலோமீட்டரில் 100 மீட்டர் கட்டங்கள் என்றால் ஏறக்குறைய நூறு சந்திப்புகள், 250 மீட்டர் கட்டங்கள் என்றால் பதினாறு. அண்ணாச்சி கடை வைக்க முனை வேண்டும், ஐயா. நூறு முனை உள்ள இடத்தில் கடை தானாக வரும். பதினாறு முனை உள்ள இடத்தில் மக்கள் பால் பாக்கெட்டுக்கு ஸ்கூட்டரை எடுப்பார்கள்.

நான் வளர்ந்தது மேற்கு மாம்பலத்தில். பள்ளிக்குப் போக எனக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒரு தெருவில் கல்யாணப் பந்தல் போட்டிருந்தால் அடுத்த தெரு, அங்கே பள்ளம் தோண்டியிருந்தால் அதற்கடுத்தது. எந்த வழியில் போனாலும் ஐம்பது அறுபது அடிதான் கூடும். என் பேத்திக்கு இருப்பது ஒரே வழி, அதிலும் முக்கால் பங்கு மதிலோரம். அவள் பள்ளி நேர்கோட்டில் 600 மீட்டர், போவது வேனில்.

ஒரு குடியிருப்பைக் குறை சொல்ல வரவில்லை. 10 ஏக்கர் என்பது 4 ஹெக்டேர், அதாவது 200 மீட்டருக்கு 200 மீட்டர். அப்படி ஒன்று தனியாக இருந்தால் பாதகமில்லை. மூன்றை அடுத்தடுத்து வைத்தால் 600 மீட்டருக்கு ஒரே சுவர். மனைப்பிரிவு என்றால் உள்ளே போடும் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், அது பொதுத்தெரு. அடுக்குமாடித் தொகுப்பில் உள்ளே ஓடும் சாலை தனியார் சாலை. எனவே ஒவ்வொரு விண்ணப்பமும் தன்னளவில் விதிப்படி சரியாக இருக்கும். எல்லாம் சேர்ந்தால் யாருமே வரையாத ஒரு கோட்டை எழுந்து நிற்கும். கோப்பு கோப்பாகப் பார்த்தால் இது கண்ணில் படாது. அடுத்த கோப்பையும் அதற்கடுத்த கோப்பையும் ஒரே தாளில் ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சுவரில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டிய தேவைகூட எங்களுக்கு இல்லாமல் போயிற்று. ஒரு டிசம்பர் மழையில் மதிலின் பின்பக்கம் ஆறடி அகலத்துக்குச் சரிந்தது. உள்ளே இருந்த காவலாளி முதல் நாள் விரட்டினார். மூன்றாம் நாள் குடை பிடித்துக்கொண்டு வழிவிட்டார். பதினொரு வாரம் அது வழியாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன்: 214 பேர். அவர்களில் ஒரு பாதி உள்ளேயிருந்து எங்கள் பக்கம் வந்தவர்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. வீட்டு வேலைக்கு வருபவர்கள், டியூஷன் பிள்ளைகள், எங்கள் தெருத் தையற்காரரிடம் துணி கொடுக்க வந்த பெண்கள். இடிந்த இடத்துக்கு எதிரே ஒருவர் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டார். பிப்ரவரி கடைசியில் கொத்தனார் வந்தார். சுவர் எழுந்தது, இட்லிக் கடை போயிற்று.

கட்டம் சின்னதாக வேண்டும் என்றால் சாலைக்கே நிலமெல்லாம் போய்விடும் என்று கட்டுநர்கள் சொல்வார்கள். வண்டிச் சாலைக்கு அது உண்மை: 9 மீட்டர் சாலைகளை 250 மீட்டர் இடைவெளியில் போட்டால் நிலத்தில் 7 சதவீதம், 100 மீட்டர் இடைவெளியில் போட்டால் 17 சதவீதம். ஆனால் நடப்பவனுக்கு 9 மீட்டர் எதற்கு? 200 மீட்டர் சதுரத்தின் நடுவே 3 மீட்டர் அகலத்தில் ஒரு நடைவழி விட்டால் செலவாவது 600 சதுர மீட்டர். மொத்தத்தில் ஒன்றரை சதவீதம். இரண்டே முக்கால் கிரவுண்டு. வண்டி நுழையாமல் இருபுறமும் கல் நட்டுவிடலாம். 1929-இல் கிளாரன்ஸ் பெர்ரி குடியிருப்பு அலகு என்ற யோசனையை முன்வைத்தபோது, நடுவில் பள்ளி, ஓர முனைகளில் கடைகள், ஊடே விரையும் வண்டிகளுக்குத் தடை என்று சொன்னார். அந்தத் தடையை மட்டும் எடுத்துக்கொண்டோம், காலுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன். புதிய பகுதிகளின் விரிவான திட்டங்களில் பொதுத்தெரு அல்லது பொது நடைவழி சூழ்ந்த கட்டத்தின் சுற்றளவு 600 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று எழுதுங்கள். ஒரு பக்கம் 150 மீட்டர் வரை என்று பொருள். அடுக்குமாடித் தொகுப்புக்கும் அது பொருந்தட்டும். உள்ளே அவர்கள் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும். பெரிய மனைகளில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் எப்படியும் வாங்குகிறோம். அதை யாரும் எட்டிப்பார்க்காத மூலையில் வாங்காமல், அடுத்த மனையின் ஒதுக்கீட்டு நிலத்தோடு தொடும்படி வாங்கினால் பூங்காவே வழியாகிவிடும். கல்வி உரிமைச் சட்ட விதிகள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்கின்றன. பள்ளிக்கு இடம் ஒதுக்கும்போது அந்தக் கிலோமீட்டரைத் தெருவழியே அளந்து எழுதுங்கள்.

நடைவழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டு உயர்ந்த மதில்களுக்கு நடுவே 200 மீட்டர் நீளச் சந்து விட்டால் இரவு எட்டு மணிக்குமேல் எந்தப் பெண்ணும் அதில் கால் வைக்க மாட்டாள். ஆறு மாதத்தில் குப்பை மேடாகி, பிறகு பாதுகாப்பு என்ற பெயரில் கேட் வந்துவிடும். வழி நேராக இருக்க வேண்டும், நுழையும்போதே மறுமுனை தெரிய வேண்டும். பக்கச் சுவர் இடுப்பளவு, அதற்குமேல் கம்பி. விளக்கு கட்டாயம். ஏதாவது ஒரு பக்கமாவது சன்னல்கள் அதைப் பார்க்க வேண்டும். தரைமட்டம் இரு முனைத் தெருக்களையும்விடத் தாழ்ந்திருந்தால் பள்ளிக்கரணைப் பக்கத்து மண்ணில் நவம்பர் முழுக்க அது வாய்க்கால்தான். ஏரியும் பக்கிங்காம் கால்வாயும் குறுக்கே கிடக்கும் இடங்களில் 600 மீட்டர் விதி செல்லாது. அங்கே நடைபாலம் எங்கே வரும் என்பதைத் திட்டத்திலேயே குறித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே கட்டி முடித்தவற்றில் வழி கேட்பது சங்கடமான வேலை என்பது தெரியும். எங்கள் பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்திடம் இரண்டு முறை பேசினேன். பகலில் மட்டும் திறந்து இரவில் பூட்டும் ஒரு சின்னக் கதவுக்குச் செயலாளர் கிட்டத்தட்டச் சம்மதித்தார். யார் சாவி வைத்திருப்பது, யார் காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது என்ற இடத்தில் பேச்சு நின்றது. பொதுவழி என்று ஓர் ஏற்பாடும் அதைப் பராமரிக்க மாநகராட்சியிடமிருந்து கொஞ்சம் பணமும் இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

என் அளவுப் புத்தகம் கைவசம் இருக்கிறது. எல்லா நீளமும் மீட்டரில் எழுதியிருக்கிறேன். உங்களில் யாராவது ஒரு வேலை நாளில் காலை ஏழரைக்கு முன்னால் வந்தால் சக்கரத்தை அவர் கையிலேயே கொடுக்கிறேன். எங்கே கதவு வைக்க வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. பின்பக்க மதிலில் ஆறடிக்கு மட்டும் செங்கல் வேறு நிறத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்