ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதச் சொல்லுங்கள்: குவாரித் திட்டங்களை மதிப்பிடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டத்தில் எங்கள் ஊரை ஒட்டியுள்ள கிரானைட் குவாரிகளின் விரிவாக்கம் குறித்து அண்மையில் நடந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு இதற்குள் தங்கள் மேசைக்கு வந்திருக்கும். அந்தக் குறிப்பில் ஒரு வரியாக முடிந்துவிட்ட ஒன்றை விரிவாகச் சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். கூட்டுறவு வங்கியில் கிணறு வெட்டவும் மோட்டார் வாங்கவும் வந்த கடன் மனுக்களை 27 ஆண்டுகள் மதிப்பிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஒரு திட்டத்தின் வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை.

கூட்டத்தில் எங்களுக்குக் காட்டப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் எட்டாவது அத்தியாயம் திட்டத்தின் நன்மைகளைப் பற்றியது. வேலைவாய்ப்பு, அரசுக்குச் சேரும் உரிமத்தொகை, ஊருக்குச் செய்யப்போகும் நற்பணிகள் என்று அனைத்தும் ரூபாயில் எழுதப்பட்டிருந்தன. ஒன்பதாவது அத்தியாயத்தின் தலைப்பு ‘சுற்றுச்சூழல் செலவு-பயன் பகுப்பாய்வு’. அதன் கீழே இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: ஆய்வு வரம்பை நிர்ணயித்தபோது இது பரிந்துரைக்கப்படவில்லை, எனவே பொருந்தாது. விதியை மீறி எழுதப்பட்ட வாக்கியம் அல்ல அது. 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்துத் தந்த அறிக்கை அமைப்பிலேயே நன்மைகளுக்கான அத்தியாயம் கட்டாயமாகவும், இந்த அத்தியாயம் ‘ஆய்வு வரம்பில் பரிந்துரைக்கப்பட்டால்’ என்ற நிபந்தனையோடும் இருக்கின்றன. அறிக்கை எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்ற அந்த வரம்பை வகுத்துப் பரிந்துரைக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் தாங்கள். எங்கள் மாவட்டத்துக் குவாரித் தொகுப்புகள் அனைத்துக்கும் ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதியே ஆகவேண்டும் என்று ஆய்வு வரம்பிலேயே நிபந்தனை இடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அந்தக் கூட்டத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா எழுந்து, “ஐயா, என் கிணறு இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். கருத்து பதிவு செய்யப்பட்டது என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கிணறு அவருடைய மாமனாரின் தகப்பனார் காலத்தில் வெட்டியது. அறுபது அடி ஆழம். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துக் கல்தூண் இன்னும் மேட்டில் நிற்கிறது. குவாரியின் குழி அந்தக் கிணற்றின் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கிய பிறகு, குழியில் ஊறும் தண்ணீரை அவர்கள் இரவும் பகலும் மோட்டார் வைத்து வெளியேற்றத் தொடங்கினார்கள். அடுத்த கோடையில் கிணறு வற்றியது, அதற்கடுத்த மழைக்கும் ஊறவில்லை. இப்போது அதில் கல்லைப் போட்டால் பாறையில் மோதும் சத்தம்தான் கேட்கிறது. எங்கள் பக்கத்துப் பாறையில் நீர் மணலில் போல எல்லாப் பக்கமும் பரவி ஓடுவதில்லை, வெடிப்புகளின் வழியாகவே ஓடும். ஆழமான குழி அந்த வெடிப்பை வெட்டிவிட்டால், மேலே இருக்கும் கிணற்றுக்கு வரவேண்டிய நீர் குழிக்குள் வடிந்துவிடும்.

இந்த இழப்பை ரூபாயில் எழுத முடியாது என்பார்கள். முடியும், நான் எழுதிக் காட்டுகிறேன். கிணறு வற்றிய முதல் இரண்டு ஆண்டுகள் அக்காவால் அரை ஏக்கரில் தக்காளி வைக்க முடியவில்லை. விலை ஏறிய ஆண்டையும் கீழே கொட்டிய ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு ஆண்டுக்கு நிகரமாக 40,000 ரூபாய் நின்றிருக்கிறது. ஆகவே இழப்பு 80,000 ரூபாய். வீட்டுக்கும் இரண்டு மாடுகளுக்கும் கோடையில் வாங்கிய தண்ணீர், ஆண்டுக்கு 20 டேங்கர், டேங்கர் 700 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 28,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு நகையை அடகு வைத்து 900 அடிக்குப் போர்வெல் போட்டார். துளையிடவும் குழாய்க்கும் மோட்டாருக்கும் ஆனது 3,40,000 ரூபாய். மொத்தம் 4,48,000 ரூபாய். போர்வெல்லில் நீர் வந்து தக்காளி மீண்டும் வைத்துவிட்டதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் தக்காளியை நான் இழப்பில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஒரே இழப்பை இரண்டு முறை எழுதியதாகிவிடும். தோட்டத்தின் விலை இறங்கியதையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டேன்.

அக்காவின் கையிலிருந்து போன தொகை இது. அரசின் கையிலிருந்து போவதும் ஒன்று உண்டு. முன்பு அவர் மோட்டார் சுமார் 15 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை ஏற்றியது. இப்போது 200 மீட்டரிலிருந்து ஏற்றுகிறது. கூடுதலான 185 மீட்டருக்கு, மோட்டாரின் திறனை 40 சதவீதம் என்று கொண்டால், ஆயிரம் லிட்டருக்கு ஒன்றேகால் யூனிட் மின்சாரம் அதிகமாகச் செலவாகும். அரை ஏக்கர் தக்காளி இரண்டு போகத்துக்கு ஆண்டில் 20 லட்சம் லிட்டர் கேட்கும். அப்படியானால் 2,500 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 15,000 ரூபாய். விவசாய மின்சாரம் தமிழ்நாட்டில் இலவசம் என்பதால் இது அக்காவின் கணக்கிலும் வராது, குவாரியின் கணக்கிலும் வராது, அரசு மானியத்தில் கரைந்துபோகும். குவாரி அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையை நன்மை என்று எட்டாம் அத்தியாயத்தில் எழுதியவர்கள், அதே அரசு ஒவ்வொரு கிணற்றுக்கும் தரும் இந்தத் தொகையை எங்கேயும் எழுதவில்லை.

மழை பொய்த்ததால் வற்றியிருக்கலாமே என்று அறிக்கை தயாரித்த ஆலோசகர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். கிணறு முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் அவர் சொல்வது போலத் தவறு நேரும். குவாரி இல்லாதிருந்தால் இப்போது எப்படி இருந்திருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்காக நானே நடந்து போய் எண்ணினேன். குழியிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் 11 திறந்த கிணறுகள் இருக்கின்றன, அவற்றில் 7 வற்றிவிட்டன. அதே மழை, அதே மாதிரிப் பாறை, ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் 9 கிணறுகளில் வற்றியது ஒன்று. அந்த விகிதத்தில் பார்த்தால் குழிக்கு அருகில் மழைக்குறைவால் மட்டும் வற்றியிருக்கக்கூடியது ஒரு கிணறு. மீதி ஆறு குழியின் கணக்கு. ஆறு கிணறுகளுக்கும் அக்காவின் அளவே இழப்பு என்றால் 26,88,000 ரூபாய், மின்சாரம் தனி. 20 கிணறுகளை வைத்து உறுதியான முடிவுக்கு வர முடியாது என்பதை நான் அறிவேன். பாறை வெடிப்பு போகும் திசையைப் பொறுத்து அருகில் உள்ள கிணறு தப்பலாம், தொலைவில் உள்ளது வற்றலாம். அதனால்தான் குழி ஆழப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் மாதாமாதம் அளந்து, குழியிலிருந்து இறைக்கும் நீரின் அளவையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். அறிக்கைக்காக மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தில் எடுத்த அளவுகளை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

மாமரங்களின் மேல் படியும் கல்தூளைப் பற்றியும் எழுத நினைத்தேன். தை மாதம் பூ விட்டிருக்கும்போது குவாரிச் சாலையோர மரங்களில் பூங்கொத்துகள் சாம்பல் பூசியது போல் நிற்பதை எவரும் பார்க்கலாம். ஆனால் எத்தனை கிலோ குறைந்தது என்று எங்களில் யாரும் எடை போட்டு வைக்கவில்லை. அளக்காததை நான் கணக்கில் எழுத மாட்டேன்.

இன்னொரு இடத்தில் தங்கள் கவனத்தைக் கோருகிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதச் சொன்னாலும், எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்ட அதில் எடுத்துக்கொள்ளும் தள்ளுபடி விகிதத்தை வைத்து எதிர்கால இழப்பை ஒன்றுமில்லாமல் செய்துவிடலாம். குத்தகைக் காலம் முடிந்து குவாரிக்காரர் போன பிறகும் குழி இருக்கும், கிணறு வற்றியே கிடக்கும். முப்பதாவது ஆண்டில் நேரும் ஒரு லட்சம் ரூபாய் இழப்பை 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 3,338 ரூபாய்தான். 4 சதவீதத்தில் 30,832 ரூபாய். வங்கிக் கடனுக்கு 12 சதவீதம் பொருத்தமாக இருக்கலாம். பேரப்பிள்ளைகளின் தண்ணீருக்கு அதே விகிதத்தைப் போடுவது தவறு. எந்த விகிதம், ஏன் என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதவும், குறைந்தது இரண்டு விகிதங்களில் விடையைக் காட்டவும் சொல்லுங்கள்.

வனநிலத்துக்கு இந்த நாடு விலை வைத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2008 இல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை நிகர நிகழ்கால மதிப்பை ஏற்றது, 2022 இல் அது உயர்த்தவும்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்று 1996 இல் தீர்ப்பு வந்ததும் நம் பக்கத்துப் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளின் வழக்கில்தான். அப்படியிருந்தும் ஒரு பட்டா நிலத்துக் கிணறு வற்றினால் அதற்கு இன்றுவரை எந்தத் தாளிலும் ஒரு வரிகூட இல்லை. முப்பது ஆண்டுகளாகக் கூட்டம் கூட்டமாகப் போய் மனுக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ‘கருத்து பதிவு செய்யப்பட்டது’ என்ற பதிலோடு திரும்புகிறோம். பதிவு செய்வது வேறு, கணக்கில் சேர்ப்பது வேறு. இழப்பு செலவுப் பக்கத்தில் ஏறாத வரையில் எந்தக் குவாரியும் தாளில் லாபமாகத்தான் தெரியும்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். செலவில் எழுதியதாலேயே அக்காவுக்குப் பணம் வந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். இழப்பீடு தனியாக ஆணையிடப்பட வேண்டிய ஒன்று. ஆனால் எழுதினால்தான் குழி எத்தனை அடி ஆழத்தோடு நிற்க வேண்டும், இறைக்கும் நீரை எந்தக் கிணறுகளுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கேள்விகள் தங்கள் முன் வரும். ஆகவே இந்த விரிவாக்க விண்ணப்பத்தில் ஆய்வு வரம்பைத் திருத்தி, கிணறுகளின் பட்டியலோடும் ரூபாய் மதிப்போடும் ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதி வாங்கிய பிறகே முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் எண்ணிய 20 கிணறுகளின் ஆழமும், கடைசியாக நீர் இருந்த மாதமும் எழுதிய பட்டியலைத் தங்கள் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்பியுள்ளேன். அளவீட்டுக்கு யாரை அனுப்பினாலும் காலை ஏழு மணிக்கு முன் வரச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாக் கிணறுகளையும் உடன் நடந்து காட்டிவிடுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிக் கடன் பிரிவு அலுவலர்,
பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்