வாட்ச்சில் டிக்கெட்டைப் படமாக வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெட்ரோ டிக்கெட்டின் க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்மார்ட்வாட்ச்சுக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று உங்கள் இதழில் வந்த யோசனை, வட்ட முகப்புள்ள வாட்ச்களுக்குப் பெரும்பாலும் உதவாது.

க்யூஆர் கோடின் நான்கு மூலைகளில் மூன்றில் பெரிய கட்டங்கள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் இங்கே ஒரு கோடு இருக்கிறது, இப்படித் திரும்பியிருக்கிறது என்று ஸ்கேனர் கண்டுபிடிக்கும். கோடின் நடுவில் கொஞ்சம் அழிந்தாலும் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். மூலைக் கட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வட்டத் திரையில் படத்தைப் பெரிதாக்கினால் முதலில் வெட்டுப்படுவது அந்த மூலைகள்தான். என் மகள் கேட்டில் நின்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணுக்குக் கோடு தெளிவாகத் தெரிந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. படத்தைச் சிறிதாக்கி, நான்கு மூலைகளும் சுற்றியுள்ள வெள்ளை ஓரமும் திரைக்குள் வந்த பிறகுதான் வழி கிடைத்தது.

டிக்கெட் தரும் ஆப்பில் வாலட்டில் சேர்க்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வாலட் கோடைத் திரைக்குள் அடங்கும்படி வெள்ளைப் பின்னணியில் காட்டும். ஆப்பிள் வாட்ச்சில் பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தினால் வாலட் திறக்கும். முதலில் வங்கி அட்டைகள் வரும், கீழே உருட்டினால் பாஸ்கள். வரிசையில் சேரும்போதே திறந்துவிடுவது நல்லது.

அப்புறம் இன்னொரு தொல்லை. ஸ்கேனரின் கண்ணாடிக்கு நேராக மணிக்கட்டைக் கவிழ்த்தால், நாம் கையை இறக்கிவிட்டோம் என்று எண்ணி வாட்ச் திரையை மங்கவைத்துவிடும். ஆப்பிள் வாட்ச்சின் திரை அமைப்பில் Wake for 70 Seconds என்பதைத் தேர்ந்தெடுத்து, திரையைத் தட்டி எழுப்பினால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். மெட்ரோ கேட்களில் ஸ்கேனர் பொதுவாக வலப்பக்கம் இருக்கிறது. இடது கையில் கட்டியவர்கள் கையைக் குறுக்கே வளைக்க வேண்டும் என்பதால், வாட்ச்சை முன்கூட்டியே வலது கையில் கட்டிக்கொள்வது எளிது. கேட்டில் கழற்றிக் காட்டாதீர்கள், கடவுக்குறியீடு வைத்த ஆப்பிள் வாட்ச் கழற்றியதும் பொதுவாகப் பூட்டிக்கொள்ளும்.

விமான நிலையத்தில் வாட்ச்சை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நுழைவாயிலில் காவலர் பயணியின் பெயரை அடையாள அட்டையோடு ஒப்பிடுவார், வாட்ச்சின் சிறிய எழுத்து அதற்கு வசதிப்படாது. பாதுகாப்புச் சோதனையில் வாட்ச்சைக் கழற்றச் சொல்வார்கள். போனும் அதே தட்டில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய்விடும். அந்த நேரத்தில் போர்டிங் பாஸ் கேட்டால் காட்டக் கையில் எதுவும் இருக்காது. சட்டைப் பையில் ஒரு காகிதப் பிரதி இருக்கட்டும். விமானம் ஏறும் கேட்டில் வாட்ச் நன்றாகவே கைகொடுக்கும்.

மெட்ரோ நிர்வாகங்களுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள்: டிக்கெட்டை வெறும் படமாக அனுப்பாமல், வாலட்டில் சேர்க்கும் பொத்தானையும் கூடவே கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தாம்பரம்