அனுப்பாத கிரைண்டரும் திரும்பி வராத பணமும்

பெறுநர்
தலைவர், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்

பொருள்: பணம் பெற்றும் பொருளை அனுப்பாத இணையக் கடை மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 35-ன் கீழ் புகார்.

ஐயா / அம்மையீர்,

2025 ஜூன் 2 அன்று எதிர்தரப்பினரின் இணையக் கடையில் 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் ஒன்றுக்கு யூபிஐ வழியாக ரூ.5,890 செலுத்தினேன். ஏழு நாளில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

ஜூன் 4-ம் தேதியே கூரியரில் அனுப்பிவிட்டதாக அவர்கள் சொல்வதை ஏற்க முடியாது. அவர்கள் தந்த டிராக்கிங் எண்ணைக் கூரியர் தளத்தில் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: லேபிள் உருவாக்கப்பட்டது. பார்சலை எடுத்துக்கொண்டதாகவோ கிடங்கில் ஸ்கேன் செய்ததாகவோ எந்தப் பதிவும் இல்லை. லேபிளைக் கடைக்காரரே கணினியில் அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டியதில்லை. அந்த லேபிளில் உள்ள எடை அரை கிலோ. உள்ளே கல் இருக்கிற கிரைண்டர், பெட்டி இல்லாமலே பல கிலோ இருக்கும். ஆக, கூரியர் தொலைத்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜூன் 14 அன்று கடையின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மின்வணிக விதிகள் 2020-ன்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பத்து நாள் கழித்து வந்த பதில்: "ரீஃபண்ட் போட்டாச்சு, உங்க பேங்க்ல கேளுங்க." திருப்பி அனுப்பிய பணத்துக்கென்று ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும், அது இல்லாமல் வங்கியில் தேடுவது கடினம். அந்த எண்ணை மூன்று முறை கேட்டும் தரவில்லை. ஆகஸ்ட் 10 வரையிலான என் கணக்கு அறிக்கையில் அப்படி ஒரு வரவும் இல்லை.

தளத்தில் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரோ முகவரியோ கிடையாது; அதுவும் அதே விதிகளுக்கு முரணானது. யூபிஐ ரசீதில் பணம் பெற்றவராகப் பதிவாகியுள்ள பெயரையே எதிர்தரப்பினராகக் காட்டியுள்ளேன். அந்தக் கணக்குக்குரியவரின் முகவரியைத் தர வங்கிக்கு உத்தரவிடுமாறு தனி மனுவும் இணைத்துள்ளேன்.

நான் வசிப்பது இம்மாவட்டத்தில் என்பதால் பிரிவு 34-ன்படி இங்கு தாக்கல் செய்கிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குக் குறைவு என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு காலவரம்பும் கடக்கவில்லை.

இதைச் சேவைக் குறைபாடு எனவும் நேர்மையற்ற வணிக நடைமுறை எனவும் அறிவித்து, ரூ.5,890-ஐ ஜூன் 2 முதல் 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு ரூ.10,000-மும் வழக்குச் செலவுக்கு ரூ.3,000-மும் வழங்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். கிரைண்டர் இனி வேண்டாம்.

இணைப்பு: ஆர்டர் உறுதிச் செய்தி, யூபிஐ ரசீது, தேதி தெரியும் டிராக்கிங் பக்க நகல், லேபிள் நகல், மின்னஞ்சல்கள், கணக்கு அறிக்கை, முகவரி கோரும் மனு, பிரமாணப் பத்திரம்.

இப்படிக்கு,
புகார்தாரர்