இந்த வாரக் குறுங்கதை: அனைவருக்கும் வாழ்த்து

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த வாரக் கதை கீழே.

கடைக்காரர் வாடிக்கையாளர் பெயர்களை எல்லாம் ‘வா’ என்று தொடங்கிச் சேமித்திருந்தார். பண்டிகைக்கு முந்தின இரவு, தேடல் பெட்டியில் ‘வா’ தட்டியதும் பட்டியல் சுருங்கியது. அதற்குள் ஓர் அழைப்பு. பேசிவிட்டுத் திரும்பியபோது பெட்டி காலி. கவனிக்காமல் ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ என்பதை அழுத்தி, காலை 6 மணிக்கு வாழ்த்துச் செய்தி போகும்படி நேரம் குறித்துவிட்டுப் படுத்தார். மேலே 140 இருக்க வேண்டிய இடத்தில் 912 இருந்தது. தூக்கக் கண்ணுக்கு அது தெரியவில்லை.

“அன்பு வாடிக்கையாளரே, பண்டிகை வாழ்த்துகள்! இந்த ஆண்டும் நம் கடைக்கே வாருங்கள். பழைய பாக்கியையும் மறவாதீர்கள்.”

வாட்ஸ்அப் என்றால் ‘அனைவருக்கும் நீக்கு’ என்று ஒரு வழி உண்டு. இவர் அனுப்பியதோ சாதாரண குறுஞ்செய்தி, போனது போனதுதான்.

முதல் பதில் மொத்த வியாபாரியிடமிருந்து: “பாக்கி யாருக்கு யார் தரணும்?” எதிர்க்கடைக்காரர்: “கண்டிப்பா வர்றேன் அண்ணே, கடனுக்குக் கிடைக்குமா?” வங்கி மேலாளர் ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தார், அதுதான் வயிற்றைக் கலக்கியது. அப்புறம், ஒரு கல்யாணத் தகராறுக்குப் பிறகு பேச்சே இல்லாத மைத்துனர்: “எவ்வளவு பாக்கி, மாமா?”

மன்னிப்புக் கேட்டு இன்னொரு செய்தி தட்டினார் கடைக்காரர். அதையும் 912 பேருக்கு அனுப்பவேண்டும் என்று உறைத்ததும் அழித்துவிட்டார்.

மைத்துனருக்கு அவர் என்ன பதில் போட்டார் என்பது கதையில் இல்லை. ஞாயிறு இரவுக்குள் ஒரே வரியில் நீங்கள் எழுதி இங்கே போடலாம்.