முன்னால் நிற்கிற காய் எங்கே போகணும்?

பாளையங்கோட்டை

அன்புள்ள மக்கா,

உன் கடுதாசி வந்து ஒரு வாரம் ஆச்சு. ஊரில் பிசான நடவு முடிஞ்சு, வாய்க்காலில் தண்ணி நிறைஞ்சு ஓடுது. முட்டுவலி எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை. அந்திக்குக் குறுக்குத்துறைப் படித்துறை வரைக்கும் போயிட்டு வாரேன். நாம உட்கார்ந்து செஸ் ஆடுன அந்தக் கல்மேல இப்போ வேற பயலுக இருக்கானுக.

டபுள் செக் கொடுத்தும் ஆட்டம் தோத்துப்போச்சுன்னு எழுதியிருந்தியே, அதுதான் மனசிலேயே கிடக்கு. அதுக்குப் பதில் சொல்ல, 1910-ல் வியன்னாவில் ரிச்சர்ட் ரேட்டி டார்டகோவரை 11 நகர்த்தலில் மேட் பண்ணுன ஆட்டத்தை எடுத்துக்கிடுதேன். பலகையை எடுத்து வச்சுக்கிட்டே படி.

வெள்ளைக்கு டி1-ல் யானை, டி2-ல் மந்திரி, டி3-ல் ராணி; மூணும் ஒரே வரிசை. ராஜா சி1-ல் பத்திரமா இருக்கார். கறுப்பு ராஜா இன்னும் இ8-லேயே நிக்கார். கறுப்பு ராணி வீட்டை விட்டு இ5-க்கு வந்தாச்சு. குதிரை இப்போதான் இ4-ல் ஒரு குதிரையை வெட்டிட்டு நிக்குது. இந்த இடத்தில் ரேட்டி ராணியை டி8-ல் கொண்டுபோய் வச்சு செக் சொன்னார். மந்திரி வழியில் நிக்கதால யானையின் காவல் அங்கே எட்டாது. ஆனா ராஜா ஒதுங்க வேற கட்டமும் இல்லை, ராணியை வெட்டியே ஆகணும். வெட்டுனதும் ராஜா டி8-க்கு வந்துடுதார். அதே டி வரிசையில் கீழே யானை. நடுவுல மந்திரி மட்டும்.

மடைப்பலகையைத் தூக்குன மாதிரி அந்த மந்திரி விலகுனா யானையின் செக் தன்னால விழும். மந்திரியும் சேர்ந்து செக் கொடுத்தா டபுள் செக். அப்படிக் கொடுக்க அதுக்கு ரெண்டு இடம் இருக்கு: ஏ5, ஜி5. இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன், மக்கா. பேத்தி பலகையை அடுக்கிவச்சு "அடுத்து என்ன தாத்தா?"ன்னு கேட்டா. நான் யோசிக்காம மந்திரியை ஏ5-க்குத் தள்ளினேன். அவ ஒரு வார்த்தை பேசலை. ராஜாவை ஒத்தை விரலால இ7-க்கு நகர்த்திட்டு என் முகத்தைப் பார்த்தா. ரெண்டு செக்கும் காத்தோட போச்சு. கொடுத்த ராணியும் திரும்ப வரலை. ஏ5 மந்திரியையும் கறுப்பு ராணி அஞ்சாவது வரிசையில் நேராப் பார்த்துக்கிட்டு இருந்தது.

ஜி5-க்குப் போனா கதையே வேற. வெறுமனே பார்த்தா அது முட்டாள்தனமான கட்டம்: கறுப்பு ராணியும் அந்த மந்திரியை வெட்டலாம், இ4 குதிரையும் வெட்டலாம். ஆனா வெட்டினாலும் யானையின் செக் அப்படியே நிக்கும். யானையை மறிக்க டி7-ல் ஏதாவது காயை வச்சா மந்திரியின் செக் நிக்கும். ஒரே நகர்த்தலில் ரெண்டையும் நிறுத்த வழியே இல்லை. ராஜா தானே ஓடணும். டபுள் செக்கின் பலம் இவ்வளவுதான்: ராஜாவைத் தவிர எதிராளியின் அத்தனை காயையும் ஒரு நகர்த்தலுக்குக் கட்டிப்போடுது. ராஜாவுக்கு ஓட இடமிருந்தா அந்தப் பலமும் அந்த ஒரு நகர்த்தலோட சரி.

ஜி5 மந்திரி அந்த இடத்தைத்தான் அடைக்குது. இ7 அதன் குறுக்குப் பாதையில் வருது. டி7 யானை கையில். மிச்சம் ரெண்டே கட்டம். ராஜா இ8-க்குத் திரும்பினா யானை டி8-க்கு ஏறி மேட். ஜி5 மந்திரி அங்கே யானைக்குக் காவல், இ7-ஐயும் அதுவே பார்த்துக்கிடுது. டார்டகோவர் சி7-க்குப் போனார். இப்போ மந்திரியே டி8-ல் போய் உட்கார்ந்தது, யானை காவல். பி6 மந்திரியின் பாதையில், டி6, டி7 யானையின் பாதையில், மத்த கட்டமெல்லாம் அவர் காயாலேயே அடைஞ்சு கிடக்கு. மேட்.

அதனால, திறக்கிற வரிசை கண்ணுல பட்டதும் பின்னால நிக்கிற யானையை மறந்துடு. அது எப்படியும் செக் கொடுக்கும். ராஜா ஓடக்கூடிய கட்டங்களை முதல்ல எண்ணு. பிறகு முன்னால நிக்கிற காய் எங்கே போனா அதுல அதிகமா அடையுதுன்னு பாரு. அந்தக் காயை எதிராளி வெட்டுவானேன்னு அந்த ஒரு நகர்த்தலுக்குப் பயப்பட வேண்டாம். ராஜா பக்கத்துக் கட்டமா இருந்து, காவலும் இல்லைன்னா மட்டும் யோசி. டபுள் செக் இல்லாம, பின்னால இருக்கிற காய் மட்டும் செக் கொடுக்கிற திறப்புல ராஜா ஓட இடம் இருந்தாலும் பரவாயில்லை. அவன் செக்கைச் சமாளிக்கிற நேரத்துல முன்காய் ஒரு ராணியையோ யானையையோ அள்ளிட்டு வந்துடலாம். அங்கே எண்ண வேண்டியது அவன் காவல் இல்லாம விட்ட காய்களை.

உன் ஆட்டத்துல குதிரை நகர்ந்து யானை திறந்துச்சுன்னு எழுதியிருக்கே. குதிரை எந்தக் கட்டத்துக்குப் போச்சு, ராஜா எங்கே ஒதுங்குச்சுன்னு எழுதலை. பலகையை ஒரு தாளில் வரைஞ்சு அனுப்பு. பொங்கலுக்கு வந்தா நேர்லயே அடுக்கிப் பார்ப்போம். பேத்திக்கும் உன்னோட ஆடணுமாம். மதினியைக் கேட்டதாச் சொல்லு.

உன் சேக்காளி