சேஞ்ச்லாக்குக்காகப் போட்ட அந்த ஒற்றை வரி பற்றி, எங்கள் பஸ் நேரச் செயலிக் குழுவுக்கு

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

போன கிழமை ரிலீஸ் விட்ட அடுத்த நாளே குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு ஐயா எனக்குப் போன் எடுத்தார். "1.4.0இல் படகு நேரம் சேர்த்திருக்கு எண்டு போட்டிருக்கிறியள், ஆனால் செயலியில் ஒண்டையும் காணேல்லையே தம்பி" என்றார். படகு நேரம் அந்த ரிலீஸில் இல்லை. ஆனால் சேஞ்ச்லாக் இருக்கு என்று சொன்னது. யாரும் பிழையாக எழுதவில்லை. கிட் தானாக அப்படி ஒட்டிவிட்டது.

ஏன் அந்த ஒற்றை அட்ரிபியூட் வரியைப் போட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் தங்கள் மாற்றத்தை "வெளிவராதவை" தலைப்புக்கு நேர்கீழே சேர்க்கிறோம். ஐந்து பிராஞ்ச் திறந்திருந்தால் ஐந்தும் ஒரே இடத்தில் கை வைக்கின்றன. ஒன்றை மெர்ஜ் பண்ணினால் மற்ற நாலிலும் கொன்ஃபிளிக்ட். அந்த எரிச்சலில்தான் `.gitattributes` கோப்பில் இதைச் சேர்த்தோம்:

```
CHANGELOG.md merge=union
```

இதற்குப் பிறகு, மோதுகிற இடத்தில் கிட் யாரிடமும் கேட்காது. இரண்டு பக்கத்து வரிகளையும் எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிடும். இரண்டு பேர் இரண்டு புதிய வரி சேர்த்திருந்தால் இதைவிட நல்லது இல்லை. வரிகளின் ஒழுங்கு மாறலாம், அதனால் கேடில்லை. ஆனால் கிட்டுக்குத் தலைப்பு எது, பதிவு எது என்று தெரியாது. அதற்கு எல்லாமே வெறும் வரிகள்.

இப்போது நடந்ததைப் பாருங்கள். ரிலீஸ் கொமிட் `main`இல் "வெளிவராதவை" தலைப்புக்குக் கீழே ஒரு வெற்று வரியையும் `## 1.4.0` என்ற தலைப்பையும் நுழைத்தது. அதற்கு முன்பே பிரிந்த படகு பிராஞ்ச், அதே இடத்தில் தன் பதிவை நுழைத்திருந்தது. ரிலீஸுக்குப் பிறகு அதை `main`உக்குள் மெர்ஜ் பண்ணியபோது வந்தது இது:

```
## வெளிவராதவை

## 1.4.0
- குறிகட்டுவான் படகு நேரம் சேர்ப்பு
- காரைநகர் பஸ் நேரம் திருத்தம்
```

நாங்கள் நிற்கும் பக்கத்து வரிகள் முதலில், வருகிற பக்கத்து வரிகள் பிறகு. அதனால் புதிய தலைப்பு மேலே போக, படகு அதன் கீழே விழுந்தது. இந்த அட்ரிபியூட் இல்லாவிட்டால் கிட் கொன்ஃபிளிக்ட் என்று கத்தியிருக்கும், நாங்கள் கண்ணால் பார்த்துச் சரிசெய்திருப்போம். வேடிக்கை என்னவென்றால், படகு பிராஞ்சில் நின்றுகொண்டு `main`ஐ உள்ளே மெர்ஜ் பண்ணியிருந்தால் பதிவு மேலே, தலைப்பு கீழே என்று சரியாகவே வந்திருக்கும். ரீபேஸ் பண்ணினால் திரும்பவும் பிழை, அங்கே `main`இன் வரிகள்தான் முதல் பக்கம். யார் எங்கே நின்று மெர்ஜ் பண்ணினார்கள் என்பதைப் பொறுத்து உண்மை மாறுகிற கோப்பை எப்படி நம்புவது?

இன்னொன்று, யாரும் இன்னும் கவனிக்காதது: நீக்கிய வரி உயிர்த்தெழும். மேலே நிற்கும் பதிவை ஒருவர் நீக்குகிறார், அந்த மாற்றத்தையே திருப்பி எடுத்துவிட்டோம் என்பதால். அதே வேளை இன்னொருவர் அதற்கு நேர்மேலே புதிய வரி சேர்க்கிறார். இரண்டும் ஒட்டிய இடம் என்பதால் கிட்டுக்கு அது மோதல். ஒரு பக்கம் வெறுமை, மறுபக்கம் புதிய வரியும் பழைய வரியும். இரண்டையும் கூட்டினால் பழைய வரி திரும்பி வந்து நிற்கும். ஒரே வரியை இருவர் திருத்தினாலும் இதே கதைதான், இரண்டு வடிவமும் மிஞ்சும்.

ஆகவே, "கோப்புப் பெயருக்குப் பதிலாக `*` போட்டால் எல்லாக் கொன்ஃபிளிக்டும் போய்விடும்" என்று ஒரு தம்பி கேட்டிருந்ததற்கு என் பதில்: தயவுசெய்து வேண்டாம். எங்கள் நேர அட்டவணை ஜேசன் கோப்பில் இருக்கிறது. ஒரு பஸ்ஸின் புறப்படும் நேரத்தை இருவர் மாற்றினால், ஒரே சாவிக்கு இரண்டு வரி நிற்கும். பல கருவிகள் அதைக் குறை சொல்லாமல் படித்துக் கடைசி வரியை எடுத்துக்கொள்ளும். சனம் தரிப்பிடத்தில் காத்துக்கொண்டு நிற்கும்.

நான் கேட்பது இது. இனி ஒவ்வொரு மாற்றமும் `changes/` அடைவில் தனக்கென ஒரு சிறு கோப்பாக வரட்டும். கோப்பின் பெயர் வேறு வேறு என்றால் மோத இடமே இல்லை. ரிலீஸ் விடுபவர் அவற்றைச் சேஞ்ச்லாக்கில் சேர்த்துவிட்டுச் சிறு கோப்புகளை அழிக்கட்டும். டவுன்கிரையர் என்ற கருவி இதைத்தான் செய்கிறது, எங்களுக்கு ஒரு சிறு ஸ்கிரிப்டே போதும். அப்புறம் அந்த அட்ரிபியூட் வரியை எடுத்துவிடலாம்.

அதுவரை, `main`உக்குள் எதையாவது மெர்ஜ் பண்ணியதும் இதை ஓடவிடுங்கள்:

```
git diff v1.4.0 HEAD -- CHANGELOG.md
```

`## 1.4.0` தலைப்புக்குக் கீழே கூட்டல் குறியோடு ஒரு வரி தெரிந்தால், அது இடம் மாறி விழுந்த பதிவு. படகு வரியை நான் நேற்று மேலே ஏற்றிவிட்டேன். குறிகட்டுவான் ஐயாவுக்கு யார் போன் எடுக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்,
பழைய ரிலீஸ்காரன்